சிதறுகாய்ச் சில்லு கண்ணில் பட்டால்: சம்மதம், தவிர்க்க இயலாத விபத்து, இன்றியமையாமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ரதம் வரும்போது தேங்காய் உடைப்பார்கள் என்று தெரிந்துதானே போய் நின்றாய், அப்புறம் என்ன கேஸ் என்று எல்லாரும் கேட்கிறார்கள். உண்மையிலேயே கேஸ் போட முடியாதா?"

போடலாம். ஆபத்து இருப்பது தெரிந்தே போனார் என்பது வழக்கில் ஆராயப்படும் ஒரு செய்திதானே தவிர, அதுவே வழக்கை முடித்துவிடாது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. வழியில் ஒரு சங்கத்தார் சாலையோரம் தேங்காய்களைக் குவித்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கயிற்றுக்குப் பின்னால் நிற்குமாறு தொண்டூழியர்களை வைத்துக் கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாற்பது வயதுப் பெண் ஒருவர் அப்படியே கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறார். ரதம் நெருங்கியதும் உற்சாகத்தில் ஓர் இளைஞர் சாலையின் நடுப்பகுதியைப் பார்த்து எறியாமல் உடலைத் திருப்பிக் கயிற்றுப் பக்கமாக ஓங்கி எறிகிறார். தேங்காய் நடைபாதை விளிம்பில் பட்டுச் சிதற, கூரான ஓட்டுச் சில்லு ஒன்று கயிற்றைத் தாண்டி அந்தப் பெண்ணின் வலது கண்ணைக் கிழித்துவிடுகிறது.

இந்தப் பெண் எறிந்தவர் மீதும், ஏற்பாடு செய்த சங்கத்தின் மீதும் கவனக்குறைவுக்காக இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கலாம். நீதிமன்றம் முதலில் கேட்பது, பிரதிவாதிக்கு அவர்பால் கவனமாக நடந்துகொள்ளும் கடமை இருந்ததா, அந்தக் கடமை மீறப்பட்டதா, அந்த மீறலால்தான் காயம் ஏற்பட்டதா என்பவற்றையே. இவற்றுக்கு ஆம் என்று விடை கிடைத்த பிறகுதான் 'அவரே விரும்பி ஏற்றுக்கொண்டார்' என்ற எதிர்வாதத்துக்கு வேலை வருகிறது. நம் மக்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, எதிர்வாதத்திலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். எறிந்தவர் செய்ய வேண்டிய அனைத்தையும் ஒழுங்காகச் செய்திருந்தால் வழக்கு முதல் கட்டத்திலேயே தோற்றுவிடும். எதிர்வாதம் தேவையே படாது.

"வொலண்டி நான் ஃபிட் இன்ஜூரியா என்று வக்கீல் ஏதோ சொன்னார். அதை நிரூபிக்க என்ன வேண்டும்?"

விரும்பி ஏற்றுக்கொண்டவருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதாகச் சட்டம் கருதாது என்பதே அந்த இலத்தீன் தொடர் கூறும் விதி. இதை நிரூபிக்கும் சுமை பிரதிவாதியின் தலையில் விழுகிறது. வாதி அந்தக் குறிப்பிட்ட ஆபத்தின் தன்மையையும் அளவையும் முழுமையாக அறிந்திருந்தார் என்று காட்ட வேண்டும்; வேறு வழியின்றி அல்லாமல், கட்டாயமோ நெருக்கடியோ இல்லாமல், தாமாகவே அதற்கு உட்பட்டார் என்று காட்ட வேண்டும்; இவை இரண்டுக்கும் மேலாக, அடிபட்டாலும் உரிமை கோர மாட்டேன் என்ற பொருளில் அந்த ஆபத்தைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டார் என்பதையும் காட்ட வேண்டும். வழக்குகள் வழுக்கி விழுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு 1891இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கு. பாறையில் துளையிடும் தொழிலாளி ஒருவர், தம் தலைக்கு மேலே பளுதூக்கி கற்களைத் தூக்கிச் செல்வதைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். வேறு இடங்களில் வேலை செய்தபோது அதைப் பற்றிக் குறை சொல்லியும் இருக்கிறார். ஒரு நாள் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் கல் விழுந்து அவரைக் காயப்படுத்தியது. தெரிந்தே வேலையில் தொடர்ந்தார் என்பதால் உரிமையைக் கைவிட்டுவிட்டார் என்று ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறி, அவருக்குக் கிடைத்த இழப்பீட்டை நிலைநிறுத்தினார்கள்.

இங்கிலாந்து வழக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1956 குடிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, எழுத்துச் சட்டம் எதுவும் வகுக்காத இடத்தில், 1956 ஏப்ரல் 7ஆம் நாளன்று இங்கிலாந்தில் நிலவிய பொதுச் சட்டமே, உள்ளூர் நிலைமைகளுக்கு ஏற்ற அளவில், தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துகிறது. அதற்குப் பிந்திய இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் அவை மதிப்புடன் எடுத்தாளப்படுகின்றன.

நம் சம்பவத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணுக்குத் தேங்காய் உடைப்பது தெரியும், சில்லுகள் காலடியில் சிதறும் என்பதும் தெரியும். கயிற்றுப் பக்கமாகவே ஒருவர் எறிவார் என்பது அவர் அறிந்த ஆபத்தில் சேராது. அதைவிட முக்கியமானது, கயிறு கட்டப்பட்டிருந்ததும் தொண்டூழியர்கள் நின்றதும் இங்கே நின்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையைத்தான் அவருக்குத் தந்தன. பாதுகாப்பை நம்பி நின்றவரை, ஆபத்தை ஏற்று நின்றவர் என்று சொல்வது கடினம். என் கருத்தில் இந்த எதிர்வாதம் இங்கே நிற்காது.

"கார் பந்தயம், காற்பந்து எல்லாம் பார்க்கப் போகிறவர்களுக்கு அடிபட்டால் கேட்க முடியாது என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானே?"

ஹால் எதிர் புரூக்லண்ட்ஸ் வழக்கைத்தான் பெரும்பாலும் இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். 1933ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் உள்ளது. பந்தயப் பாதையில் இரண்டு கார்கள் மோதிக்கொள்ள, ஒன்று தடுப்பு வேலியைத் தாண்டிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்தது, இருவர் இறந்தார்கள். பாதையின் உரிமையாளர்கள் பொறுப்பல்லர் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

அந்தத் தீர்ப்பைக் கவனமாகப் படித்தால், அதன் வலு எங்கிருக்கிறது என்பது தெரியும். பாதை பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தும் அப்படியொரு கார் வேலியைத் தாண்டிக் கூட்டத்தில் பாய்ந்ததில்லை. நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துகளுக்குரிய பாதுகாப்பை உரிமையாளர்கள் செய்திருந்தார்கள். எனவே கடமை மீறப்படவில்லை. விளையாட்டில் இயல்பாகவே உள்ள ஆபத்தைப் பார்வையாளர் ஏற்றுக்கொள்கிறார் என்று சொல்லும்போது, நடத்துபவரின் கவனக்குறைவையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார் என்று பொருளாகாது. காற்பந்துத் திடலில் பந்து தலையில் பட்டவரின் வழக்கு தோற்கும். துருப்பிடித்த இருக்கைப் பலகை உடைந்து விழுந்தவரின் வழக்கு அந்த வாதத்தால் தோற்காது.

தேங்காய் உடைப்பதிலும் இதே கோடுதான். ஒழுங்காக உடைக்கும்போது பொடிச் சில்லு ஒன்று கணுக்காலைக் கீறுவது நிகழ்ச்சியின் இயல்பு. கூட்டத்தை நோக்கி எறிவது அந்த இயல்பில் அடங்காது.

"நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய் வீடியோ எடுத்தேன். அப்போதுதான் அடிபட்டது. என் கதை முடிந்ததா?"

முழுவதும் முடிந்துவிடவில்லை, ஆனால் தொகை குறையும். குடிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஏற்பட்ட பாதிப்பில் பாதிக்கப்பட்டவரின் தவறுக்கும் பங்கு இருந்தால், அந்தப் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டை நீதிபதி குறைக்கலாம் என்கிறது. பழைய பொதுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரின் தவறு சிறிதளவு இருந்தாலும் வழக்கு அடியோடு விழுந்துவிடும். இப்போது அப்படி இல்லை.

எடுத்துக்காட்டாக, கண்ணுக்கான முழு இழப்பீடு 80,000 ரிங்கிட் என்று நீதிபதி மதிப்பிட்டு, தொண்டூழியர் தடுத்தும் கேளாமல் உள்ளே போனதற்காக 40 விழுக்காட்டுப் பங்கை உங்கள்மீது வைத்தால், கைக்கு வருவது 48,000 ரிங்கிட். விழுக்காடு சூத்திரம் போட்டுக் கணக்கிடப்படுவதன்று. எங்கே நின்றீர்கள், யார் எச்சரித்தார், எத்தனை முறை எச்சரித்தார் என்ற சின்னச் சின்ன விவரங்களே அதைத் தீர்மானிக்கும்.

சம்மத எதிர்வாதம் நடைமுறையில் அரிதாக வெல்வதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். அதை ஏற்றால் வாதிக்கு ஒரு காசும் கிடைக்காது. பங்கிட்டால் இருவருக்கும் நியாயம் செய்யலாம். இரண்டாவது வழி திறந்திருக்கும்போது நீதிபதிகள் முதல் கதவைத் தட்டுவது குறைவு. குடித்திருந்த ஓட்டுநரின் காரில் தெரிந்தே ஏறிய பயணியின் வழக்கில்கூட, 1939இல் டேன் எதிர் ஹாமில்டன் தீர்ப்பு சம்மத எதிர்வாதத்தை ஏற்கவில்லை. எதிர்வாதம் வென்றதற்கு ஒரு நல்ல உதாரணம், 1990இல் மோரிஸ் எதிர் மரே வழக்கு: பிற்பகல் முழுவதும் சேர்ந்து குடித்துவிட்டு, மிகுதியாகக் குடித்திருந்த அந்த நண்பர் ஓட்டிய சிறு விமானத்தில் தாமே ஆர்வத்தோடு ஏறிய ஒருவர். அந்த அளவுக்கு அப்பட்டமாக இருந்தால்தான் எதிர்வாதம் நிற்கும் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

"அலகு குத்திக்கொண்டேன், பிறகு கன்னம் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்தேன். நானே கேட்டுக் குத்திக்கொண்டதால் குத்தியவர் மேல் ஒன்றும் சொல்ல முடியாதா?"

இங்கே சம்மதம் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒருவர் உடலில் வேண்டுமென்றே வேலைச் செருகுவது, சம்மதம் இல்லாவிட்டால், உடல்மீதான அத்துமீறல். நீங்கள் சம்மதித்ததால் அது அத்துமீறல் ஆகாது. குத்தும்போது வலித்தது, தழும்பு விழுந்தது என்பதற்காக வழக்குப் போட இயலாது.

ஆனால் சம்மதம் எதற்குத் தரப்பட்டதோ அதோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. தூய்மையான வேலால், வழக்கமான இடத்தில், அனுபவமுள்ளவர் குத்துவதற்குத்தான் நீங்கள் தலையசைத்தீர்கள். ஒருவருக்குக் குத்திய வேலைத் துடைத்துக்கூடப் பாராமல் அடுத்தவருக்குக் குத்தியிருந்தால், அது நீங்கள் சம்மதித்த செயலின் பகுதியாக இருக்காது. அது தனியாகக் கவனக்குறைவு. கடினமான பகுதி காரணத்தை நிரூபிப்பதுதான். கூட்டத்தில் தூசியும் வியர்வையும் நீங்களே பூசிய திருநீறும் புண்ணில் பட்டிருக்கும்; கிருமி வேலிலிருந்து வந்தது என்று காட்ட மருத்துவரின் அறிக்கையும், அதே வேலால் குத்திக்கொண்ட வேறு யாருக்காவது அதே பாதிப்பு வந்ததா என்ற தகவலும் வேண்டும். அவை இல்லாமல் வழக்கு நிற்பது சிரமம்.

"ஓட்டப்போட்டியில் சேரும்போது எது நடந்தாலும் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்லர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் என்னைக் கட்டுமா?"

கையெழுத்து இருந்தால் சம்மதத்தை நிரூபிப்பது எளிதாகும் என்பது உண்மை. அதனாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று ஏற்பாட்டாளர்கள் நம்புகிறார்கள், அது உண்மையன்று.

முதலில் நீதிபதி அந்த வாசகம் எதை உள்ளடக்குகிறது என்று பார்ப்பார். 'ஓடும்போது ஏற்படும் களைப்பு, தசைப்பிடிப்பு, விழுதல்' என்று எழுதியிருந்தால், சாலையைச் சரியாக மூடாமல் விட்டதால் லோரி வந்து மோதியதை அது தழுவாது. இதோடு, 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஒருவர் தம் ஒப்பந்த உரிமையை நீதிமன்றத்தின் வழி நிலைநாட்டுவதை முற்றாகத் தடுக்கும் உடன்பாட்டைச் செல்லாததாக்குகிறது. 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம், கடன் ஒப்பந்தம் ஒன்றில் வங்கியின் எல்லாவகை இழப்பீட்டுப் பொறுப்பையும் ஒட்டுமொத்தமாக விலக்கிய விதியை இந்தப் பிரிவின்கீழ்ச் செல்லாது என்று அறிவித்தது. தொகைக்கு உச்சவரம்பு மட்டும் வைக்கும் விதிகளுக்கு இந்தத் தீர்ப்பை நீட்டுவது எளிதன்று.

கட்டணம் செலுத்தி வணிக நிறுவனத்திடம் பெற்ற சேவையாக இருந்தால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் உதவிக்கு வரலாம். 2010இல் திருத்தப்பட்டபோது சேர்க்கப்பட்ட நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதி, போதிய நியாயமின்றிக் கவனக்குறைவுக்கான பொறுப்பை விலக்கும் விதிகளைக் கேள்விக்கு உள்ளாக்குகிறது.

"பத்து வயதுப் பிள்ளைக்காக அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால்?"

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. பிள்ளையின் காயத்துக்கான உரிமை பிள்ளையுடையது. பெற்றோர் போட்ட கையெழுத்து அந்த உரிமையைக் கரைத்துவிடும் என்று எண்ணி எந்த ஏற்பாட்டாளரும் நிம்மதியாக உறங்கக் கூடாது. பிள்ளையின் சார்பில் வழக்காடுநர் ஒருவர் வழியாக வழக்குத் தொடரலாம்.

"நான் தொண்டூழியர். ஒரு சின்னப் பெண் கயிற்றுக்குள் ஓடியதும் இழுத்துவிடப் போனேன், தேங்காய் என் தோளில் விழுந்தது. நானாகத்தானே பாய்ந்தேன்?"

அதனால் உங்கள் உரிமை போய்விடாது. ஹேய்ன்ஸ் எதிர் ஹார்வுட் வழக்கில், தெருவில் காவலின்றி விடப்பட்ட வண்டியின் குதிரைகள் ஒரு சிறுவன் கல்லெறிந்ததில் மிரண்டு ஓடின. பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த தெருவில் அவற்றைப் பிடிக்கப் பாய்ந்த காவலர் காயமுற்றார். காவலர் தாமாக முன்வந்தார் என்ற எதிர்வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒருவருடைய கவனக்குறைவு உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும்போது, இன்னொருவர் காப்பாற்ற வருவார் என்பது எதிர்பார்க்கக்கூடியதே; அவர் கடமையுணர்வின் உந்துதலால் செயல்படுகிறார், சாவகாசமாக ஆபத்தை ஏற்கவில்லை.

ஆனால் ஆபத்தில் யாருமே இல்லாதபோது பாய்ந்தால் நிலை மாறிவிடும். கட்லர் எதிர் யுனைடெட் டெய்ரீஸ் வழக்கில், ஓடிய குதிரை வயலுக்குள் வந்து நின்றது, யாருக்கும் ஆபத்தில்லை. ஓட்டுநர் உதவிக்குக் குரல் கொடுத்ததால் போய்ப் பிடிக்க முயன்றவர் தோற்றார். உங்கள் விஷயத்தில் அந்தப் பிள்ளை உண்மையில் எறியும் வட்டத்துக்குள் இருந்தாளா என்பதே முடிவைத் தீர்மானிக்கும். காணொளி இருந்தால் இப்போதே வாங்கி வையுங்கள்.

"தேங்காய் எங்கேயோ பட்டுத் தெறித்தது, நான் என்ன பண்ண முடியும் என்று எறிந்தவர் சொல்கிறார். அது தவிர்க்க இயலாத விபத்து ஆகாதா?"

ஆகலாம், எப்படி எறிந்தார் என்பதைப் பொறுத்தது. இந்த எதிர்வாதத்துக்குப் பேர்போன வழக்கு 1891இல் ஸ்டான்லி எதிர் பவெல். வேட்டைக் குழுவில் ஒருவர் பறவையைச் சுட்டார். ஈயக் குண்டு ஒன்று ஓக் மரத்தில் பட்டுத் திசைமாறி, உடன் வந்த உதவியாளரின் கண்ணில் பாய்ந்தது. சுட்டவரிடம் கவனக்குறைவு இல்லை என்று நடுவர் குழு கண்டதால், நீதிபதி வாதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்.

ஈயமும் மரமும், தேங்காயும் நடைபாதை விளிம்பும்: வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டியது தெறிப்பதற்கு முந்தைய நொடியை. இளைஞர் சாலையின் நடுவில், தரையை நோக்கி, கயிற்றுக்குப் போதிய தொலைவில் எறிந்து, மழைநீர் மூடி மறைத்த ஓர் இரும்பு ஆணியில் தேங்காய் பட்டுச் சில்லு பறந்திருந்தால், அது ஸ்டான்லி எதிர் பவெல் போன்ற நிலைமை. அவர் கயிற்றுப் பக்கமாகத் திரும்பி எறிந்ததால், விளிம்பில் பட்டுத் தெறிப்பது யாரும் ஊகிக்கக்கூடியது. நியாயமான கவனத்தால் தடுக்க முடிந்த விபத்தைத் தவிர்க்க இயலாதது என்று சட்டம் அழைப்பதில்லை. கூர்ந்து நோக்கினால், கவனக்குறைவு வழக்கில் இந்த எதிர்வாதம் 'நான் கடமையை மீறவில்லை' என்பதை வேறு சொற்களில் கூறுவதுதான்.

இந்த எதிர்வாதம் அதிகம் எழுப்பப்படுவது வாகன வழக்குகளில். பந்தல் சாமான் ஏற்றிய லோரி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், அங்கே நின்றிருந்த கார்மீது மோதுகிறது. 'பிரேக் திடீரென்று போய்விட்டது' என்கிறார் ஓட்டுநர். அந்த ஒரு வாக்கியம் போதாது. 1969இல் ஹெண்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் லோரியின் பிரேக் குழாய் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிக்கப்பட்டு வெடித்தது. குழாயைக் கழற்றினாலொழிய அதைப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் உரிமையாளர்கள் தப்பவில்லை. அந்த லோரி எங்கே ஓடியது, உப்போ அரிக்கும் சரக்கோ ஏற்றியதா, வழக்கத்துக்கு மேற்பட்ட பராமரிப்பு தேவைப்பட்டதா என்ற வரலாற்றை அவர்கள் சாட்சியமாக வைக்கவில்லை என்பதே காரணம். எனவே லோரி உரிமையாளர் தரப்பில் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. பட்டறைப் பில்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல், ஓட்டுநர் முன்பே குறை சொன்னாரா என்பது வரை கேட்கப்படும். அதற்கு மாறாக, முன்னறிகுறி எதுவும் இல்லாத ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திடீரென்று உயிரிழந்ததால் ஏற்பட்ட விபத்தில், 1938இல் ரயன் எதிர் யங்ஸ் வழக்கில், எதிர்த்தரப்பு பொறுப்பிலிருந்து விடுபட்டது.

"மழைக் காற்றில் பந்தல் சரிந்தது. கடவுள் செயல் என்று விட்டுவிடலாமா?"

மனிதக் கை படாத, நியாயமாக எதிர்பார்க்க முடியாத இயற்கை நிகழ்வுக்குத்தான் அந்தப் பெயர். பினாங்கில் பிற்பகல் மழையும் காற்றும் அந்த வகையில் வருவது அபூர்வம். முளைகளை எவ்வளவு ஆழம் அடித்தார்கள் என்ற கேள்வியில்தான் வழக்கு நிற்கும்.

"பக்கத்துத் தண்ணீர்ப்பந்தலில் கேஸ் அடுப்பு தீப்பிடித்தது. பூட்டியிருந்த கடையின் இரும்புக் கதவை உடைத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்தோம். இப்போது கடைக்காரர் கதவுக்குப் பணம் கேட்கிறார்."

இதற்குத்தான் இன்றியமையாமை என்ற எதிர்வாதம். பெரிய தீங்கைத் தடுக்கச் சிறிய தீங்கு செய்வது அவசியமாக இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆபத்து உடனடியானதாக இருக்க வேண்டும். நீங்கள் செய்தது அந்த நேரத்தில் நியாயமாகத் தேவைப்பட்டதாக இருக்க வேண்டும். அந்தத் தேவைக்கு மேல் போயிருக்கக் கூடாது.

பின்னால் யோசித்துப் பார்த்து அது தேவைப்பட்டிருக்காது என்று சொல்வதை நீதிமன்றம் ஏற்பதில்லை. கோப் எதிர் ஷார்ப் வழக்கில், வாதியின் நிலத்தில் பரவும் தீ தம் முதலாளியின் வேட்டைப் பறவைகள் இருந்த இடத்துக்கு வந்துவிடும் என்று அஞ்சிய காவலாளி, நடுவிலிருந்த புதர்ப் பட்டைகளைத் தாமே எரித்துத் தடுப்புக் கோடு போட்டார். தீ அந்தக் கோட்டை எட்டும் முன்பே வேறு ஆட்களால் அணைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அப்போது அந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது, அவர் செய்தது அந்த வேளையில் நியாயமானது என்பதால் 1912இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. உங்கள் விஷயத்தில் கூட்டம் நெருக்கமாக நின்றது, எரிவாயு உருளை பக்கத்திலேயே இருந்தது, அருகில் வேறு தண்ணீர் இல்லை என்றால் கதவை உடைத்தது ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். உயிருக்கு ஆபத்து என்ற இடத்தில் சொத்துக்கான சேதம் தராசில் மிகச் சிறியது: 1950இல் கழிமுகத்தில் தரைதட்டிய எண்ணெய்க் கப்பல், பணியாளர்களைக் காப்பாற்றச் சுமார் 400 டன் எண்ணெயைக் கடலில் விட்டு, அது சவுத்போர்ட் கடற்கரையைக் கறைப்படுத்திய வழக்கிலும் நகராட்சியின் கோரிக்கை இறுதியில் தோற்றது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. தீயே உங்கள் பந்தலின் கவனக்குறைவால் வந்தது என்றால், அந்த எதிர்வாதத்தின் அடித்தளம் ஆட்டம் காணும். 1985இல் வெளியான ரிக்பி வழக்கில், துப்பாக்கிக் கடையில் பதுங்கிய ஆபத்தான மனிதரை வெளியேற்றக் காவல்துறை கண்ணீர்ப்புகைக் குண்டை எறிந்தது, கடை எரிந்துபோனது. குண்டை எறிந்தது இன்றியமையாமையால் நியாயம் எனக் கொள்ளப்பட்டது. ஆனால் தீயணைப்பு வண்டி அருகில் இல்லாதபோதும் எறிந்தது தனிக் கவனக்குறைவு என்பதால் காவல்துறை பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. பந்தலில் ஒரு தீயணைப்புக் கருவியும் இல்லாமல் அடுப்பு பற்ற வைத்த குழுவினர் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். கதவை உடைத்தவர்கள் வேறு, அடுப்பு பற்ற வைத்தவர்கள் வேறு என்றால், கடைக்காரர் தட்ட வேண்டிய கதவு இரண்டாமவர்களுடையது.

தீயணைப்புப் படையினர் உடைத்திருந்தால் பேச்சே வேறு. அவர்களுக்கு 1988 தீயணைப்புச் சேவைச் சட்டம் நேரடியாக அதிகாரம் தருகிறது.

"அந்தத் தேங்காய் வேலை எங்கள் கம்பெனி ஏற்பாடு செய்தது. சம்பளத்துக்கு வந்த தொழிலாளிக்கு அடிபட்டால் கம்பெனிமீது வழக்குப் போடலாமா?"

இங்கே எதிர்வாதங்களுக்கு முன்னால் 1969 தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. அதன் 31ஆம் பிரிவு, சொக்சோ காப்புறுதி பெற்ற தொழிலாளி வேலையில் ஏற்பட்ட காயத்துக்காக முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. சொக்சோவிடம்தான் முதலில் போக வேண்டும். வெளியாள் ஒருவரின் கவனக்குறைவு என்றால் அந்த வெளியாள்மீது வழக்குத் தொடர்வதை இந்தப் பிரிவு தடுப்பதில்லை.

"எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?"

1953 காலவரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, பிறர் தவறால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் இத்தகைய தீங்கியல் வழக்குக்கு ஆறு ஆண்டுகள். பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்தால் அவருக்குப் பதினெட்டு வயது ஆனதிலிருந்து இந்தக் கணக்கு தொடங்கும். ஊராட்சி மன்றம் போன்ற பொது அதிகாரத்தின்மீது, கடமையைச் செய்யும்போது நடந்த தவறுக்காக வழக்குப் போடுவதானால் 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதங்களே தருகிறது. சாலையை மூடுவதில் மன்றத்துக்குப் பங்குண்டா, சங்கத்துக்கு மட்டும்தானா என்று தெளிவாகாத நிலையில், குறுகிய காலத்தையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரதிவாதியின் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சம்மதம், தவிர்க்க இயலாத விபத்து, இன்றியமையாமை இவற்றைச் சார்ந்திருக்க விரும்பினால், அவற்றுக்கான உண்மைகளை எதிர்வாத மனுவிலேயே எழுதிவிட வேண்டும். விசாரணை நாளன்று வாய்மொழியாக எழுப்பினால் நீதிபதி கேட்க மறுக்கக்கூடும்.